கசப்புத் தண்ணீர்

மரக்காணத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பு மூட்டை அடுக்கி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், காரில் வந்து இறங்கிய ஒருவர் “ராக் சால்ட் இருக்காம்மா?” என்று கேட்டார். விலை உயர்ந்த ஓட்டக் காலணி, மணிக்கட்டில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம். “இருக்குதுங்க, கல்லு உப்பு. எத்தினி கிலோ வேணும்?” என்றார் அம்மா. “இது வெள்ளையா இருக்கே, பிங்க் கலர்ல இருக்குமே அது?” அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, “அது இங்க வெளையறதில்லீங்க” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. இடையில் மொழிபெயர்ப்புதான் கவிழ்த்துவிட்டது. தமிழில் கல் உப்பு என்றால் கடல்நீரைப் பாத்தியில் காயவிட்டு வாரும் பருக்கை உப்பு. பாறையை வெட்டி எடுக்கும் உப்புக்கு நம்மிடம் வேறு பெயர் உண்டு: இந்துப்பு. சிந்துப் பக்கத்திலிருந்து வந்ததால் வந்த பெயர். ஆங்கிலத்தில் ‘ராக் சால்ட்’ என்று எழுதியதை யாரோ ‘கல் உப்பு’ என்று பெயர்த்து வைக்க, இந்துப்பின் புகழெல்லாம் கல் உப்புக்கும், கல் உப்பின் எளிமையெல்லாம் இந்துப்புக்கும் மாறி மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இளஞ்சிவப்பு இந்துப்பின் பெரிய ஊற்றுக்கண் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கம். 2019-இல் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சரக்குகளுக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் இறக்குமதியையே தடை செய்தது. அதன் பிறகும் அங்காடி அலமாரிகளில் அந்த நிறம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் பாறை உப்பு வெட்டுவது இமாச்சலத்தின் மண்டிப் பக்கத்தில்தான். அது எவ்வளவு வருகிறது, எந்தப் பொட்டலத்தில் எது இருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்த நிறம் இரும்புத் துருவின் நிறம். உப்பில் சிக்கிய சிறிதளவு இரும்பு ஆக்சைடு. பொட்டலத்தின் பின்பக்கம் கனிமங்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். அளவைத்தான் போட மாட்டார்கள். பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வோம். இந்துப்பில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு. நாளுக்கு 5 கிராம் உப்பு சாப்பிட்டால் 15 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. வாழைப்பழத்தை விட்டுவிட்டு உப்பில் பொட்டாசியம் தேடுகிறவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த உப்பில் மீதி ஏறக்குறைய எல்லாமே சோடியம் குளோரைடு. மரக்காணம் பாத்தியில் இருப்பதும் அதுதான், தூத்துக்குடித் தூள் உப்பில் இருப்பதும் அதுதான். இரத்தக் கொதிப்புக்காக இந்துப்புக்கு மாறியவர், கொதிப்பைப் பொறுத்தவரை எங்கும் மாறவில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். பருக்கை உப்பைக் கரண்டியால் அளந்தால் பருக்கைகளுக்கு நடுவே காற்று நிற்கும். அதே கரண்டியில் தூள் உப்பு அதிகமாக அடங்கும். தூளிலிருந்து பருக்கைக்கு மாறிய சிலர் “எனக்கு பிபி குறைஞ்சுது” என்று சொல்வதில் பொய் இருக்க வேண்டியதில்லை. கரண்டி குறைத்ததை உப்பின் குணம் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

மரக்காணத்துப் பாத்திகள் கழுவேலி ஏரியை ஒட்டிப் பல ஆயிரம் ஏக்கருக்குக் கிடக்கின்றன. தை, மாசியில் பாத்தி மிதித்துத் தளம் கெட்டிப்படுத்தத் தொடங்கினால் புரட்டாசி வரை வேலை. ஐப்பசி மழையில் எல்லாம் தண்ணீராகிவிடும். உவர்நீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். கடல்நீரின் செறிவு பாமே மானியில் 3 டிகிரி சொச்சம். சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் அடியில் படியும். 25 டிகிரியைத் தொட்டதும் பாத்திக்குத் திருப்பிவிடுவார்கள்; அங்கே உப்பு பூக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பாத்தியில் விட்டு வைக்கக் கூடாது. அதற்குள் உப்பை வாரிவிட்டு மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அந்த மிச்சம் கசக்கும். மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், அவற்றோடு பொட்டாசியம் எல்லாம் அதில் திரண்டு நிற்கும். அளவுக்கு மேல் நின்றால் உப்பிலும் கசப்பு ஏறி, மூட்டை எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆக, ‘கடலின் கனிமம் எல்லாம் கல் உப்பில் இருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள், உப்பளத்துக்காரர் எந்தத் தண்ணீரை வேண்டாம் என்று கொட்டுகிறார் என்று வந்து பார்க்கவில்லை. அவர் பெருமையே, அந்தக் கனிமங்களை உப்பில் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது.

அயோடினும் இப்படித்தான். கடல் பக்கத்தில் இருக்கிறோம், கடலுப்பு தின்கிறோம், நமக்கெதற்குத் தனியாக அயோடின் என்று இந்தக் கரையில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அயோடின் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம்தான். அது முழுவதும் உப்போடு தங்கினாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம் வரும். தங்குவதில்லை, பெரும்பகுதி கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250 வரை. கடல் அயோடினை மீனுக்கும் பாசிக்கும் கொடுக்கிறது, உப்புக்குக் கொடுப்பதில்லை.

அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்ண விற்கக் கூடாது என்ற மத்திய விதி 1998-இல் நடைமுறைக்கு வந்தது, 2000-இல் விலக்கப்பட்டது, 2006 மே மாதம் மறுபடி வந்தது. அந்த விதிப்படி அயோடின் உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டியிருந்தது, கடையில் 15-க்குக் குறையக் கூடாது என்றிருந்தது. வழியில் பாதி போய்விடும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டது. அந்த 30 பங்குக்கு ஒரு டன் உப்பில் சேர்க்க வேண்டியது 50 கிராம் சொச்சம் பொட்டாசியம் அயோடேட், ஒரு கைப்பிடி. தூள் உப்பில் அது சீராகக் கலக்கும். பருக்கையின் மேல் தெளித்தால் மேற்பரப்பில்தான் ஒட்டும். மெக்னீசியம் மிச்சமிருக்கும் பருக்கை ஈரத்தை இழுத்துக் கசியும். கசிவோடு அயோடேட்டும் சாக்கின் அடிக்கு இறங்கும். மேலே எடுக்கிற வீட்டுக்கு ஒன்றுமில்லை, அடியில் எடுக்கிறவருக்கு இரட்டை. போதாததற்கு, கல் உப்பைத் தண்ணீரில் அலசிக் காயவைக்கும் சுத்தக்காரக் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அலசியதில் முதலில் போவது அழுக்கும் அயோடினும் சேர்ந்தே.

2018-19-இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76 சதவீதம். தமிழ்நாடு 62 சதவீதத்தோடு கடைசியில் நின்றது. நாட்டில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் மாநிலம் இது. பாத்தியிலிருந்து நேரே சமையலறைக்கு உப்பு வந்துவிடுகிற வசதிக்கு நாம் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம். ஆகவே கல் உப்பு வேண்டும் என்றால் ‘அயோடின் கலந்தது’ என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்கி, அலசாமல், மூடி போட்ட ஜாடியில் வைத்துக்கொள்வதே வழி. சாலையோர மூட்டை மீன் உலர்த்தவும் தோல் பதப்படுத்தவும் ஆகும். இந்துப்பு சிவப்பானாலும் வெள்ளையானாலும், கலந்தது என்று அச்சிடாதவரை அயோடின் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ, கர்ப்பத்துக்குக் காத்திருப்பவரோ இருந்தால் இதில் விளையாட்டுக்கு இடமில்லை. குறைந்த அயோடின் முதலில் தாக்குவது பிறக்காத பிள்ளையின் மூளையை.

இனி மூன்றாவது உப்பு.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் சாதாரண உப்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். விவசாயிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. உரக்கடையில் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குவது அதே சரக்குதான், அது உரத் தரம், இது உணவுத் தரம். உப்பளத்தில் கசப்புத் தண்ணீரோடு கொட்டியது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு பொட்டலத்துக்குள் வந்து உட்காருகிறது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014 ஜூனில் ‘அம்மா உப்பு’ என்று மூன்று வகை இறக்கியது: தூள் உப்பு கிலோ 10 ரூபாய், இரும்பும் அயோடினும் சேர்த்தது 14, சோடியம் குறைத்தது 21. இருப்பதைக் குறைத்தால் விலை கூடும் என்பதை அரசாங்கமே நிரூபித்த தருணம் அது.

கேலியை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த உப்புக்குப் பின்னால் கனமான சான்று இருக்கிறது. வட சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் ஐந்தாண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது கடந்து இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அவர்கள். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவீதமும் சாவு 12 சதவீதமும் குறைந்தன. உப்பை மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யாமல் கிடைத்த பலன் இது. இந்துப்புக்கு இப்படி ஒரு கிராமம்கூடச் சாட்சி சொன்னதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் ஆளைச் சேர்க்கும்போதே, கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் ஒதுக்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும், அது வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்றும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதில் அடங்க மாட்டார்கள் என்றும் எழுதியே வெளியிட்டது. கடையில் பொட்டலத்தின் முன்பக்கம் இருதயப் படம் இருக்கும். அந்த விலக்கு எங்கே இருக்கிறது என்று தேட எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

என் பெரியப்பா திண்டிவனத்தில் இருந்தார். எழுபது வயது, காலையில் ஒரு மணி நேர நடை, மாலையில் தோட்ட வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆரோக்கியத்துக்கு உதாரணம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கொதிப்புக்கு டெல்மிசார்டான் மாத்திரை. நடைத் தோழர் ஒருவர் சொன்னதில் சோடியம் குறைந்த உப்புக்கு மாறினார். நடந்து முடித்ததும் ஓர் இளநீர், அது பல வருடப் பழக்கம்.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. இரண்டு பேர் உள்ள அந்த வீட்டில் ஒரு கிலோ உப்பு இரண்டு மாதம் வராது. ஆளுக்கு நாளொன்றுக்கு 9 கிராம் என்று வைக்கலாம். அதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு என்றால் 2.25 கிராம்; அதில் பொட்டாசியம் மட்டும் பாதிக்குச் சற்று மேல், சுமார் 1,200 மில்லிகிராம். இளநீரில் 600. அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல் 1,800 மில்லிகிராம் கூடுதல். நல்ல சிறுநீரகத்துக்கு இது ஒரு சுமையே இல்லை, சிறுநீரில் தள்ளிவிடும். சொல்லப்போனால் பெரும்பாலான நம் ஆட்களுக்குப் பொட்டாசியம் போதவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருத்துவர்கள் நாள் முழுக்க எல்லா உணவிலும் சேர்த்தே 2,000 மில்லிகிராம் அளவுக்குள் நிறுத்தச் சொல்வதுண்டு. டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற கொதிப்பு மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லது செய்பவைதான். கூடவே பொட்டாசியம் வெளியேறுவதையும் குறைக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகமாகக் குறைக்கும். சர்க்கரை பன்னிரண்டு வருடத்தில் பெரியப்பாவின் சிறுநீரகத்தை என்ன செய்து வைத்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சிறுநீரகம் தன் பாதித் திறனை இழக்கும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் வாரம், “காலு ரெண்டும் வாழைத்தண்டு மாதிரி இருக்குடா, வலு இல்லை” என்றார். வயதாகிறது என்றோம். நடப்பவர் அல்லவா, சோர்வு என்றோம். இரண்டு நாள் கழித்துத் தலைசுற்றி உட்கார்ந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது இரத்தத்தில் பொட்டாசியம் 6.4. இருக்க வேண்டியது மூன்றரையிலிருந்து ஐந்துக்குள். கிரியாட்டினின் 2.1. இ.சி.ஜி. தாளில் ஒரு அலை மட்டும் கூடாரம் மாதிரி கூர்மையாக எழும்பியிருந்ததைப் பணியில் இருந்த மருத்துவர் விரலால் காட்டினார். கால்சியம் ஊசி, பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். பிழைத்துக்கொண்டார். ஊசி போட்ட மருத்துவர் கடைசியாகக் கேட்டார்: “வீட்டுல என்ன உப்பு?” அந்தக் கேள்வியை அதற்கு முன் பெரியப்பாவிடம் யாரும் கேட்டதில்லை, நானும் உட்பட.

பொட்டாசியம் ஏறுவதற்கு அடையாளம் என்று தனியாக ஒன்றும் இல்லாததுதான் இதில் உள்ள ஆபத்து. கால் சோர்வு, மரமரப்பு, நெஞ்சு தவறித் துடிப்பது போன்ற உணர்வு வரலாம். ஒன்றுமே வராமலும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இன்னொரு சங்கதி, இந்த உப்பு லேசாகக் கசக்கும். உவர்ப்பு குறைவு போல் தெரியும். கை தானாக இன்னும் கொஞ்சம் போடும். மூன்று கரண்டிக்குப் பதில் நான்கு போட்டால் குறைத்த சோடியம் அப்படியே திரும்பிவிடுகிறது. மேலே ஒரு கரண்டிப் பொட்டாசியம் கூடுதலாக வந்து சேருகிறது.

உடம்பை வேலை வாங்குகிறவர்களுக்கு எந்த உப்பு என்பதை இப்போது கேட்கலாம். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக இரண்டரை கிராம் உப்பு போகிறது; ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கும், இரட்டிப்பாகவும் இருக்கும். பொட்டாசியம் 0.2 கிராம்தான் போகும். வியர்வை எடுப்பது சோடியத்தை. முக்கால் மணி நேரம் பூங்காவில் நடக்கிறவர் அரை லிட்டர் வியர்த்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பு இழக்கிறார். காலைச் சட்னியும் மதியச் சாம்பாரும் அதைக் கேட்காமலே கொடுத்துவிடும். அவருக்குத் தனி உப்பு எதுவும் வேண்டாம். கொதிப்பு இருந்து சிறுநீரகம் நன்றாக இருந்தால் சோடியம் குறைந்த உப்பு அவருக்குப் பொருந்தும், அயோடின் கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இந்தச் சாலையில் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் வேறு. ஆறு மணி நேரத்தில் நான்கைந்து லிட்டர் போகும். அவர்களுக்கு வெறும் தண்ணீரே ஆபத்தாகலாம்: குடிக்கக் குடிக்க இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. கிளம்பும்போதும் வந்ததும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் கடன். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிந்தால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சாதாரண உப்பு போட்ட மோர் போதும். வழியில் குடிக்கும் தண்ணீரில் சோடியம் குறைந்த உப்பைப் போடுவது பொருத்தமில்லாத வேலை. போனதை விட்டுவிட்டுப் போகாததை நிரப்புவது. இளநீரும் அப்படியே: பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். இளஞ்சிவப்பு உப்பைப் போட்டாலும் வேலை நடக்கும், சோடியம் இருப்பதால். நிறத்துக்குக் கொடுத்த காசு வேலை செய்யாது.

உடலுழைப்பாளர்களுக்கான உணவுக் குறிப்புகளில் ஒருபோதும் வராத ஓர் ஆள் இருக்கிறார். அந்தச் சைக்கிள்காரர்கள் நிறுத்திப் படம் எடுக்கும் வெள்ளைக் குவியலை வாரிக் குவித்தவர். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறி உப்பின் வெண்மை கண்ணைக் கூச வைக்கும்வரை வாருகிறவர். கூடையைத் தலையில் வைத்து வரப்பேற்றுகிறவர். வெயிலில் பழகிய உடம்பின் வியர்வையில் உப்பு குறைவாக இருக்கும். உடம்பு அதைப் பிடித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனாலும் வியர்வையின் அளவு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை கிராம் என்று குறைத்து வைத்தாலும் நான்கு லிட்டருக்கு ஆறு கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது இந்த உடம்பை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. கூழும் பச்சை மிளகாயும் கருவாடும் அந்தக் கணக்கை அறிவியலுக்கு முன்பே நேர் செய்து வைத்திருக்கின்றன.

அவருக்கு உப்பில் குறையில்லை, தண்ணீரில்தான் குறை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேரின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பளத்தில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்கிறோம். உப்பை வாருகிற பெண் தண்ணீர் குடிப்பதில்லை, ஒதுங்க இடமில்லாததால். நாள் முழுக்க நா வறண்டு, இரவில் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று. வறண்ட சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை இன்னோர் அடி. அதுவும் பொட்டாசியத்தை வெளியேறவிடாது.

எனவே சோடியம் குறைந்த உப்பை யார் கவனமாகக் கையாள வேண்டும் என்றால், சர்க்கரை நோயாளிக்கும் கொதிப்பு மாத்திரைக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் பிறகு இந்த ஆளையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அவருக்கு எந்த நோயும் இல்லை என்று தோன்றினாலும். கடினமாக உழைக்கிற உடம்பு என்பதால் சிறுநீரகமும் கடினமாக இருக்கும் என்பது நாம் வசதிக்கு நம்புவது. அவருக்கு ஏற்றது அயோடின் கலந்த சாதாரண உப்பு, அதோடு மணிக்கு ஒரு முறை குடிக்க நிழலில் வைத்த தண்ணீர். கொதிப்பு உள்ள தொழிலாளி உப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரிடம் தன் வேலை என்னவென்று சொன்ன பிறகே நடக்க வேண்டும். குளிர்சாதன அறையில் உட்காருகிறவருக்கு எழுதிய அறிவுரை அவருக்குப் பொருந்தாது.

அயோடின் பற்றி இன்னும் ஒன்று: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர் அயோடின் உப்பைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், அது மருத்துவர் சொல்வது. மற்றபடி நிறுத்தக் காரணமில்லை.

உப்பை மாற்ற நினைக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு காலை வேளையில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு மூன்று, நான்கு வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பாருங்கள். கொதிப்பு மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் நீட்டும்போது வீட்டு உப்புப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: வீடு தேடிக் கொதிப்பு மாத்திரை கொண்டு வரும் ஏற்பாடு இங்கே 2021 ஆகஸ்ட்டிலிருந்து இருக்கிறது. தை மாதம் மரக்காணத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கும் வாரத்தில் அதே ஆட்கள் வரப்புக்கு வந்து எல்லோருக்கும் ஒரு கிரியாட்டினின் எடுக்கட்டும், புரட்டாசியில் வேலை முடியும்போது இன்னொன்று. வரப்பின் ஓரத்தில் ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள்.